ஜெயவேல் எதிர்பார்த்த அலை

எங்க வீட்டுக்காரரு ஜெயவேலுக்கு ஆரணி பஜார்ல பட்டுக்கடையில சேலை காட்டுற வேலை. காட்டுறதுன்னா சும்மா எடுத்து நீட்டுறது இல்ல. மடிப்போட நுனியப் புடிச்சு ஒரு உதறு உதறினா, மொத்த சேலையும் தலைக்கு மேல எழும்பி விரிஞ்சு, வாங்க வந்தவங்க மடியில வந்து விழும். கல்யாணத்துக்கு எடுக்க வந்த பொம்பளைங்க "ஆ"ன்னு வாயத் தொறப்பாங்க. அங்கயே பாதி வியாபாரம் முடிஞ்சிடும். காட்டி முடிச்ச சேலைய மடிக்காம அடுத்ததத் தொடமாட்டாரு. எங்க வீட்டுல என் சேலைய எல்லாம் அவருதான் மடிக்கிறாரு. எனக்கு மடிக்கத் தெரியலன்னு அவருக்கு ஒரு நெனப்பு.

எனக்கு வேலை கடலோரத்துல. ஒரு தாலுகா ஆபீஸ்ல பேரிடர் பயிற்சியாளர், கான்ட்ராக்ட்டு. மீனவர் குப்பங்களுக்குப் போயி புயல் வந்தா இன்னா பண்ணணும், சுனாமி வந்தா எங்க ஓடணும்னு சொல்லித் தர்றது. சனிக்கிழமை பஸ் ஏறினா ஆரணி, திங்கக்கிழமை விடியக்காலையில திரும்பக் கடல். "ஆரணிக்காரிக்குக் கடலப் பத்தி இன்னா தெரியும்"னு ஆரம்பத்துல சிரிச்சவங்க இருந்தாங்க. தெரியாமதான் போனேன், கத்துக்கினேன். கத்துக்கறதுக்குக் கடல்லயே பொறக்கணுமா இன்னா?

அந்த வருசம் சுனாமி ஒத்திகை வாரத்துக்கு ஒரு தெரு நாடகம் போடணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் அவரு சிநேகிதரு குமரேசனும் திருவிழாவுல நாடகம் கட்டுறவங்க. குமரேசன் சொந்தமா மைக் செட்டு வெச்சிருக்காரு. சரி, நம்மாளுங்களே இருக்கும்போது வெளிய எதுக்கு தேடணும்னு அவங்களையே கூப்பிட்டேன்.

நாடக ஒத்திகை, ஆரணியில ரைஸ்மில் களத்துல. நெல்லு வாரின பிற்பாடு எடம் காலியா கெடந்துது. போய்ப் பாத்தா, பட்டுக்கடை முதலாளி சுப்பராயலு கிட்ட இரவல் கேட்டு ஒரு பட்டுச்சேலை வாங்கியாந்திருந்தாங்க. நீலமும் பச்சையுமா, திருப்பினா நெறம் மாறும். நெசவுல ஒரு எடத்துல இழை விட்டுப்போனதால கடையில ஓரமாக் கெடந்த சேலை. அத ரெண்டு மூங்கில்ல கட்டி, ஆளுயரத்துக்கு மேல தூக்கி, நடிக்கிறவங்க தலை மேல தொப்புன்னு போட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஒரு மூங்கிலப் புடிச்சுக்கினு கடையில உதறுற மாதிரியே உதறினாரு. பாக்க ஜோராதான் இருந்துது.

"எப்டி?"ன்னாரு, மூச்சு வாங்கிக்கினே.

"நல்லாருக்கு. ஆனா தப்பு"ன்னேன்.

அவருக்கு மொகம் சுருங்கிப்போச்சு. "இன்னா தப்பு? சுனாமின்னா அலைதானே?"

"அலைதான். ஆனா நீங்க பீச்சுல பாக்குற அலை இல்ல. அந்த அலைங்களக் காத்து கெளப்பி உடுது. மேலாப்புல மட்டும்தான் ஆட்டம், கொஞ்சம் கீழ போனா ஒண்ணுமே இருக்காது. இது அடியில இருந்து வர்றது."

களத்து மேடையில உக்காந்து டீ குடிச்சுக்கினே சொன்னேன். கடலுக்கு அடியில தரையே ரெண்டு பாளமா இருக்குது. ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில நொழஞ்சுக்கினே இருக்குது, நம்ம நகம் வளர்ற வேகத்துல. மேல் பாளத்தோட விளிம்பு அங்கயே ஒட்டிக்கினு, கூடவே இழுபட்டு, வருசக்கணக்கா வளைஞ்சு கெடக்குது. ஒருநாள் ஒட்டு உட்டுப்போச்சுன்னா, படக்குன்னு எகிறும். அதுதான் பூகம்பம். தரை எகிறினா, அதுக்கு மேல நிக்கிற தண்ணி எங்க போகும்? அடியில இருந்து மேல வரைக்கும் மொத்தக் கடலும் ஒசந்துடும். ஒசந்தது அப்டியே நிக்குமா? ரெண்டு பக்கமும் ஓடும்.

"எல்லா பூகம்பத்துக்கும் இப்டிதானா?"

"இல்ல. தரை பக்கவாட்டுல நகந்தா தண்ணியத் தூக்காது. ஒசந்தாலோ எறங்கினாலோதான் வெனை."

"அப்ப நடுக்கடல்ல போட்டுல இருக்கிறவன் கதி?"

எங்க வீட்டுக்காரரு முட்டாள் இல்ல. கேக்குற கேள்வி சரியாத்தான் இருக்கும்.

"அவனுக்குத் தெரியவே தெரியாது. அங்க ஒசரம் ஒரு முழம், ரெண்டு முழம்தான். ஆனா நீளம் இருக்கே, தலை ஆரணியில இருந்தா வாலு மெட்ராஸைத் தாண்டிக் கெடக்கும். ஆழம் இருக்கிற வரைக்கும் ஏரோப்ளேன் வேகம். கரைகிட்ட ஆழம் கொறைய கொறைய முன்னாடி வர்ற தண்ணி மெதுவாயிடுது. பின்னாடி இருக்கிறது இன்னும் ஜல்தியா வந்துகினு இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு சேந்து ஒசருது. ஆனா சுருங்கின பிற்பாடும் அது கிலோமீட்டர் கணக்குல நீளம். அவ்ளோ நீளமானது கரைக்கு வந்தா செவுரு மாதிரி நிக்காது. கடலே மட்டம் ஏறி உள்ள நடந்து வர்ற மாதிரிதான் இருக்கும். முன் விளிம்புல சில எடத்துல நுரை பொங்கிக்கினு வரலாம். ஆனா அதுக்குப் பின்னாடி தண்ணி வந்துகினே இருக்கும், நிக்காது. சாதா அலை வந்தா அடுத்த மூச்சுல திரும்பிப் போயிடுது, இது போகாது. அதனாலதான் ஆளக் கொல்லுது, ஒசரத்தால இல்ல."

அவரு டீ கிளாஸைக் கீழ வெச்சாரு. "சரி, அப்ப சேலையத் தரையில போட்டு மெதுவா மேல தூக்கணுமா? எவன் கை தட்டுவான் புஷ்பா? தூங்கிப்புடுவாங்க."

"தூங்கட்டும். தப்பாக் கத்துக்காம இருந்தா போதும்."

"சரி சரி, மாத்திடறோம்"னாரு. குமரேசன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நாடகம் கோரைத்திட்டு குப்பத்துல, மீன் ஏலம் உடுற கொட்டாயில. சாயங்காலம் ஊரே வந்து உக்காந்துது. நல்லாதான் போச்சு. கடைசியில சேலை எழும்பிச்சு பாருங்க, பழைய மாதிரியே ஆளுயரத்துக்கு மேல, பழைய மாதிரியே தலையில தொப்புன்னு. விசில் பறந்துது. எங்க வீட்டுக்காரரு என் பக்கம் மட்டும் திரும்பவே இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மூங்கில உருவியே நாலு போட்டிருப்பேன். ஊர் பஞ்சாயத்துத் தலைவரு அருள்தாஸ், போன சுனாமியில சொந்தத் தம்பிய பறிகொடுத்தவரு, எங்கிட்ட வந்து, "நாடகம் சூப்பர் மேடம். ஆனா எங்களுக்கு அப்டி வரல"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அதக் கேட்டதும் எனக்கு அவமானமாப் போச்சு.

வீட்டுக்காரருகிட்ட ராத்திரி பேசவே இல்ல.

மறுநாள் காலையில அவங்க மூட்டை கட்டிக்கினு இருக்கும்போது என் போன் அடிச்சுது. நிக்கோபார் பக்கம் கடலுக்கு அடியில பெரிய பூகம்பம். தரை மேல எகிறின வகை. கொஞ்ச நேரத்துல அடுத்த தகவல்: ஆழ்கடல்ல தரையில போட்டிருக்கிற கருவி, தனக்கு மேல தண்ணி ஒசர்றத காட்டுதாம். சுனாமி கெளம்பியாச்சு. நம்ம கரைக்கு வர ரெண்டரை மணி நேரம் ஆகும்.

கை கால் தன்னால வேலை செஞ்சுது. அதுக்குத்தானே அத்தன ஒத்திகை. சைரன் ஊதினோம். ஊர் மொத்தத்தையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏத்தினோம். ஆழத்துல இருக்கிற போட்டுங்கள அங்கயே இருங்கன்னு வாக்கி டாக்கியில சொல்லச் சொன்னேன். குமரேசன் அவரு மைக் செட்டையும் பேட்டரியையும் மாடிக்குத் தூக்கியாந்து, கூம்பு ஸ்பீக்கரக் கைப்பிடிச் செவுத்துல கட்டினாரு. எங்க வீட்டுக்காரரும் நல்லாத்தான் ஓடியாடி ஒதவினாரு. நடக்க முடியாத ரெண்டு பேரைத் தோள்ல தூக்கியாந்தாரு. ராத்திரி கோவம் எனக்கு எங்க போச்சுன்னே தெரியல.

சொன்ன நேரம் வந்துது. சொன்ன நேரம் போச்சு. கடலு எண்ணெய் ஊத்தினாப்ல கெடக்குது. வெயிலு வேற. ஜனங்க பேஜாராயிட்டாங்க. "ஒண்ணும் வரல மேடம், போலாமா?" "போன வாட்டியும் இப்டித்தான் சும்மா ஏத்துனீங்க." எங்க வீட்டுக்காரரு செவுரோரம் நின்னு, கண்ணு மேல கைய வெச்சுக்கினு அடிவானத்தையே பாத்துக்கினு இருந்தாரு. நான் கீழ போயி கேட்டைப் பூட்டி, சாவிய அருள்தாஸ் கையில குடுத்துட்டு வந்தேன். திரும்ப மேல வந்தா ஆளக் காணோம்.

"எங்க அவரு?"

குமரேசன் தலையச் சொறிஞ்சாரு. "சேலை கொட்டாயிலயே இருக்குதாம் அண்ணி. மூங்கில்ல கட்டினது கட்டினபடி. இரவல் பொருளு, உப்புத்தண்ணி பட்டா முதலாளி மூஞ்சியில எப்டி முழிக்கிறதுன்னு பின்பக்கச் செவுரு ஏறிக் குதிச்சிட்டாரு. அலை வந்தா தூரத்துலயே தெரியும், ஓடியாந்துடறேன்னாரு."

அலை வந்தா தூரத்துலயே தெரியுமாம்! அத்தனையும் சொல்லிக் குடுத்து, அத்தனையும் கேட்டுக்கினு, கடைசியில அந்த மனுசன் கண்ணுல நின்னது அவரே தூக்கிக் காட்டின அந்த அலைதான்.

கீழ பாத்தேன். கடல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா மணல்ல இழுத்துப் போட்டிருந்த படகுங்க ஒண்ணொண்ணா அசைஞ்சுது. அலை அடிக்கல, சத்தமும் பெருசா இல்ல. படகுங்க தன்னால மெதந்து, எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பிச்சு. மணல் இருந்த எடத்துல தண்ணி. வலை காயப்போட்ட எடத்துல தண்ணி. கொட்டாய்க்குள்ள தண்ணி நொழைஞ்சுது. அண்டாவுல தண்ணி நெறையிற மாதிரி ஏறிக்கினே இருந்துது.

எங்க வீட்டுக்காரரு ஏல மேடை மேல ஏறிட்டாரு. அங்கயும் தண்ணி வந்துது. ஐஸ் பெட்டி மேல ஏறி, கொட்டாய்த் தூணக் கட்டிப் புடிச்சாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. தலை மேல சேலை. அந்த நேரத்துலயும் சேலை நனையக் கூடாதாம்!

தண்ணி ஏறினது நின்னுது. நின்னது அப்டியே நின்னுது. சாதா அலையா இருந்தா அதுக்குள்ள நூறு வாட்டி வந்து போயிருக்கும். அப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சுது. மீன் கூடை, டயரு, வலை, ஒரு சைக்கிளு, எல்லாத்தையும் வாரிக்கினு வெளிய போச்சு. ஊரோரத்து வாய்க்கால் மொத்தமா வத்திப்போயி சேறு தெரிஞ்சுது. கடலு பின்னாடி போயிக்கினே இருந்துது, எப்பவும் தண்ணிக்கடியில இருக்கிற பாறைங்கல்லாம் வெயில்ல பளபளன்னு தெரியுற வரைக்கும்.

"முடிஞ்சுபோச்சு!"ன்னு யாரோ கத்தினாங்க. தபதபன்னு படியில எறங்கினாங்க. அருள்தாஸ் கேட்டுக்கு முன்னாடி கைய விரிச்சுக்கினு நின்னாரு. "ஒருத்தன் தாண்டக்கூடாது. எந்தம்பி ரெண்டாவது வாட்டி தண்ணி வந்தப்பதான் போனான்."

நான் ஓடிப்போயி சாவி கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு கொட்டாயில இருக்காரு, தலைவரே."

"பாத்தேன். தொறந்தா நீங்க மட்டும் போகமாட்டீங்க மேடம். மொத்த ஊரும் உங்க பின்னாடி எறங்கும்."

அந்த ஆளு சொன்னது சரி. சரியா இருந்ததாலதான் எனக்கு அழுகையா வந்துது.

திரும்ப மாடிக்கு ஓடினேன். இப்ப நான்தான் முடிவு பண்ணணும். அவர கொட்டாயிலயே இருக்கச் சொல்றதா, ஓடியாரச் சொல்றதா? கொட்டாய் ரொம்பத் தாழ்வு. அடுத்தது பெருசா இருந்தா கூரை மேல ஏறினாலும் தாங்காது. ஓடியாந்தா நடுவுல பள்ளம், வாய்க்கால் வேற. ஆனா இது நீளமான தண்ணி. ஏறவும் நேரம் எடுக்கும், எறங்கவும் நேரம் எடுக்கும். இன்னும் வெளிய போயிக்கினுதான் இருக்குது. இப்பவே கெளம்பினா வந்துடலாம். நின்னு யோசிச்சா முடியாது.

குமரேசன் கையில இருந்து மைக்கப் புடுங்கினேன்.

"யோவ் ஜெயவேலு! அங்க நிக்காத! பள்ளிக்கூடத்துக்கு ஓடியா! இப்பவே!"

கூம்பு ஸ்பீக்கர்ல என் குரலு ஊரு பூரா கேட்டுது. கொட்டாயில இருந்து அவரு வெளிய வந்தாரு. என்னப் பாத்து கைய ஆட்டினாரு. அப்புறம் கடல் பக்கம் திரும்பி, கண்ணு மேல கைய வெச்சுப் பாத்தாரு. திரும்பி, கைய விரிச்சுக் காட்டினாரு. ஒண்ணும் இல்லையாம்!

அப்புறம் இன்னா பண்ணாரு தெரியுமா? சேலையோட ரெண்டு முனையையும் புடிச்சு, நடுவுல தாடையால அழுத்திக்கினு, மடிக்க ஆரம்பிச்சாரு. சேத்துல நின்னுக்கினு! கடையில நின்னு மடிக்கிற மாதிரி, ஓரத்துக்கு ஓரம் சேத்து!

"மடிக்காதயா! யோவ், மடிக்காத! அது நாசமாப் போட்டும்! அலை வருதான்னு பாக்காதயா, அலை வராது! தண்ணிதான் வரும்! வந்தா ஒசராது, நெறையும்! காலப் பாரு, கடலப் பாக்காத!"

பின்னாடி ரெண்டு பேரு களுக்குன்னு சிரிச்சாங்க. ஊர் முன்னால பொண்டாட்டி புருசன மைக்குல திட்டினா சிரிப்பு வராதா? எனக்கு அந்தச் சிரிப்பு கேக்கவே கேக்கல. என் கண்ணு வாய்க்கால் மேலயே இருந்துது. கடல் பக்கம் வடிஞ்சுக்கினு இருந்த கொஞ்சத் தண்ணி நின்னுது. ஒரு பிளாஸ்டிக் கொடம் அசையாம நின்னு, அப்புறம் ஊர் பக்கமா நகர ஆரம்பிச்சுது.

"வாய்க்கால் திரும்பிடுச்சு! ஓடுய்யா! என் சாமி, ஓடுய்யா! முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்!"

இப்ப ஓடினாரு. சேலை அக்குள்ல. சேத்துல கால் பொதைய பொதைய ஓடினாரு. கடலுக்கு முன்னாடி வாய்க்கால்தான் வந்துது. பக்கத்துல இருந்து பொங்கி, அவரு வர்ற வழிய முழுங்கிச்சு. கணுக்கால். முழங்கால். அங்க நின்னுட்டாரு. நின்னு, மறுபடியும் கடலத் திரும்பிப் பாத்தாரு. பாத்தா அங்க இன்னா இருக்குது? தட்டையான தண்ணி. அவ்ளோதான்.

"திரும்பாதயா! என்னப் பாரு! என்ன மட்டும் பாத்துக்கினு வா! நேத்து பேசாததுக்கு எவ்ளோ வேணா திட்டு, வந்து திட்டு!"

எனக்குக் குரலு ஒடஞ்சுபோச்சு. சிரிச்சவங்களும் இப்ப அழுதாங்க. "வாங்கண்ணே, வாங்கண்ணே"ன்னு மொத்த மாடியும் கத்திச்சு. அவரு அப்பதான் சேலைய உட்டாரு. தூக்கிப் போடல, கை தன்னால உட்டுடுச்சு. தண்ணி அவரு இடுப்ப இழுத்துது, ரெண்டு கையாலயும் துழாவினாரு. குமரேசன் ஸ்பீக்கர் கட்டினது போக மிச்சமிருந்த கயித்த எடுத்துக்கினு கீழ ஓடினாரு. அருள்தாஸ் கேட்டுல ஒரு ஆள் நொழையிற அளவு மட்டும் தொறந்து, அவரே எறங்கி மார் வரைக்கும் நின்னு கயித்த வீசினாரு. ரெண்டாவது வாட்டி எங்க வீட்டுக்காரரு கையில சிக்குச்சு. இழுத்தாங்க.

மைக்கப் போட்டுட்டு நான் கீழ வந்து சேந்தபோது அவரு படிக்கட்டுல ஏறி நின்னுக்கினு இருந்தாரு. சட்டை கிழிஞ்சு, கன்னத்துல ரத்தம். முதுகுல ரெண்டு அறை வெச்சேன். அப்புறம் கட்டிப் புடிச்சுக்கினு அழுதேன். ஊரே பாத்துது, பாத்தா பாக்கட்டும்.

கீழ கொட்டாய் கூரை வரைக்கும் முழுகிடுச்சு. நாங்க நின்ன படியில தண்ணி ஒரு சத்தமும் இல்லாம ஏறிக்கினே இருந்துது. ஜனங்க ஒரு படி மேல, இன்னொரு படி மேலன்னு நகந்தாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் நகரல. கைப்பிடியப் புடிச்சுக்கினு, நடுங்கிக்கினு, என் தோளத் தாண்டி அடிவானத்தையே பாத்துக்கினு இருந்தாரு.

"புஷ்பா, ஜல்தியா எல்லாரையும் மேல ஏத்து"ன்னாரு. "அலை இன்னும் வரல. எந்தப் பக்கத்துல இருந்து வரும்?"

அவரு மொகத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக் கீழ திருப்பினேன். முழங்காலுக்கு மேல தண்ணி.

"வந்து ரொம்ப நேரம் ஆச்சுயா. அதுக்குள்ளதான் நின்னுக்கினு இருக்க."